சொல்லிவிட்டுப் போங்கள்

அந்தக் கடிதத்தை எழுதியதற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை. அதில் ஒரு பிழை இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பதினோரு பிள்ளைகளை ஒரே நேரத்தில் அலற வைத்த பிழை அது. அதற்கான மன்னிப்பை அந்தப் பதினோரு பேரிடம்தான் கேட்டேன், கேட்கச் சொல்லி உத்தரவு போட்டவர்களிடம் கேட்கவில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெங்களூர் கண்டோன்மெண்டில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் பேபி கிளாஸ் டீச்சர். மதராஸில் இரண்டு வருஷம் குழந்தை வகுப்புக்கென்றே பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தேன். வயது இருபத்துமூன்று, கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் நீளம். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட முப்பத்திரண்டு பிள்ளைகள் என்னிடம். தையல்காரர் பிள்ளை, தபால்காரர் பிள்ளை, மில்லில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், துரைமார் பங்களாக்களில் சமையலும் ஆயா வேலையும் பார்ப்பவர்களின் பிள்ளைகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள்தாம்.

காலையில் எட்டரைக்கு முதல் மணி, ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது. இரண்டாவது மணிக்கு வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிடுவார். கேட்டைத் தாண்டிப் பெரியவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் போட்ட சட்டம். அழுகிற பிள்ளையை வாட்ச்மேன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து என் வகுப்பில் இறக்கிவிட்டுப் போவார். பாவம், அவருக்கு வயதாகிவிட்டது. அவர் சட்டையில் எப்போதும் யாராவது ஒரு பிள்ளையின் மூக்குச்சளி இருக்கும்.

அழாத பிள்ளைகளை விட்டுப்போவதற்கு எல்லோரும் ஒரே உபாயம்தான் வைத்திருந்தார்கள். "அதோ பார் குதிரை" என்பார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும். குதிரையும் இருக்காது, திரும்பி வந்து பார்த்தால் அம்மாவும் இருக்க மாட்டாள். வெளியே போகிறவர்கள் காதில் அழுகைச் சத்தம் விழுந்தால் போகிற காரியம் விளங்காது என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு. அதனால் அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் கண்ணிலிருந்து மறைந்துவிட வேண்டும். அதை அவர்கள் ஏமாற்று என்று நினைக்கவில்லை, இரக்கம் என்றே நினைத்தார்கள்.

நான் அதற்கு உடந்தை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை. என் மேஜையில் ஒரு தகர டப்பா நிறையக் கலர் மணிகள் வைத்திருந்தேன். புதிய பிள்ளை வந்தால் கேட்டுக்குப் போய் அந்த டப்பாவை அதன் காதருகில் குலுக்குவேன். பிள்ளை குனிந்து பார்க்கும்போது அம்மாவுக்குக் கண்ஜாடை காட்டுவேன், போய்விடு என்று. அவள் காணாமல் போவாள். முதல் வருஷம் முழுக்க அதைத்தான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வருஷம் ஜூன் மாதம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். நாலு வயது நிரம்பவில்லை. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, பழைய திரைச்சீலைத் துணியில் தைத்த பூப்போட்ட கவுன். அவளுடைய அம்மா ஒரு பங்களாவில் ஆயா. ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மதியம் துரைசானியின் குழந்தை தூங்கும் நேரத்தில் ஓடிவந்து தன் பெண்ணைக் கூட்டிப்போவாள். வீட்டில் சோறு போட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடுவாள். காலையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பூ விற்கப் போய்விடுவாள், அதனால் காலைக்குப் பள்ளிக்கூடம்தான் கதி. அப்பா பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ கப்பல் ஏறியிருந்தார்.

முதல் நாள் வழக்கம்போல டப்பாவைக் குலுக்கினேன். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அம்மா இல்லை. அவள் அழவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஆனால் உள்ளே வந்ததும் நேராகப் போய் வகுப்பு வாசலின் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நின்றாள். மதியம் வரை அப்படியே நின்றாள்.

மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். பாய்க்கு வர மாட்டாள். பாட்டுக்குத் திரும்ப மாட்டாள். பால் கொடுத்தால், டம்ளரை வாங்க வேண்டுமானால் ஒரு கணம் கேட்டிலிருந்து கண்ணை எடுக்க வேண்டுமே, அதனால் வேண்டாம் என்பாள். கக்கூஸுக்குப் போக மாட்டாள். நின்ற இடத்திலேயே கவுனை நனைத்துக்கொள்வாள். இழுத்து உட்காரவைத்தால் எழுந்து மறுபடியும் வாசலுக்குப் போவாள். அழுகை இல்லை, பிடிவாதமும் இல்லை. அது என்னவென்று எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று. அந்தப் பிள்ளை காவல் இருந்தாள். தான் திரும்பினால் ஆள் மறைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லிக்கொடுத்தது என் தகர டப்பா.

அன்றைக்கு டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் கேட்டில் அவள் அம்மாவிடம், ஓடாதீர்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் செய்தாள். பெண் அன்று போட்ட கூச்சலில் தெருவில் ஜட்கா வண்டி நின்றது. முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பால் வரும் வரை அழுதாள். நான் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா போயிருக்கா, வருவா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டாம் நாள் அழுகை ஜெபம் முடிந்ததும் நின்றது. மூன்றாம் நாள் பால் குடித்தாள், வாசலில் நின்றபடியேதான், ஆனாலும் குடித்தாள். நாலாம் நாள் அம்மாவுக்கு நேரமாகிவிட்டது. வாட்ச்மேன் கையில் பெண்ணைத் திணித்துவிட்டுச் சொல்லாமல் ஓடிவிட்டாள். எல்லாம் முதலிலிருந்து. கவுன் மறுபடியும் நனைந்தது.

அன்றுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பார்த்தார். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் தமிழ்க்காரர்தான், ஐம்பதை நெருங்கியவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. நனைந்த தரையைப் பார்த்தார், வாசலில் நின்றவளைப் பார்த்தார். மாதக் கடைசி வரை பார்ப்பேன், அதற்குள் இந்தப் பெண் மற்ற பிள்ளைகளோடு உட்காராவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்றார். வெளியே இன்னும் நாற்பது பேர் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். அது உண்மைதான்.

மதியம் அம்மாவிடம் அதைச் சொன்னேன். இடம் போனால் காலையில் இவளை எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். அவள் பெண்ணின் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"முன்ன எப்பிடியோ அப்பிடித்தான் மிஸ்ஸம்மா. உள்ள வெச்சி வெளிய பூட்டிட்டுப் போவேன். ஒரு கிண்ணத்துல சோறு வெச்சிடுவேன். வேற என்னா பண்றது சொல்லுங்க. வேலையை விட்டா ரெண்டு பேருக்கும் சோறில்ல."

அன்று மாலை வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. இவள் ஒருத்தியைத் திருத்தினால் போதாது என்று தோன்றியது. கேட்டில் இவள் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையும் தினமும் ஏமாற்றப்படுகிறது. சுற்றி எல்லா அம்மாக்களும் மாயமாகிக்கொண்டிருக்கும்போது தன் அம்மா மட்டும் மறைய மாட்டாள் என்று எந்தப் பிள்ளை நம்பும்? கேட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அப்படியானால் எல்லோருக்கும் எழுத வேண்டும்.

அனுமதி கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஆபீஸ் அறையில் கேள்வித்தாள் படியெடுக்கிற ஜெலட்டின் தட்டு இருந்தது. ஊதா மையில் ஒரு தாள் எழுதி அதன் மேல் அழுத்தி எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வெள்ளைத் தாளாக வைத்து எடுக்க வேண்டும். மாலை வெயில் இருக்கும்போதே, எனக்கும் ஒன்று சேர்த்து, முப்பத்துமூன்று பிரதி எடுத்தேன். கடைசிப் பிரதிகள் வெளுத்துப் போய்விட்டன. என் விரல்கள் வெளுக்கவில்லை. மூன்று நாளைக்கு ஊதாவாகவே இருந்தன.

ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்:

"பெற்றோருக்கும், காலையில் பிள்ளையைக் கூட்டிவருகிற அக்கா, தாத்தா, சித்தி எல்லோருக்கும் பேபி கிளாஸ் டீச்சர் எழுதுவது. பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போகாதீர்கள். நானே உங்களை அப்படிப் போகச் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. ஒரு தடவை அப்படிப் போனால், நீங்கள் எந்த நேரத்திலும் காணாமல் போகக்கூடியவர் என்று பிள்ளை தெரிந்துகொள்கிறது. பிறகு வீட்டிலும் உங்கள் முந்தானையை விடாது.

சொல்லிவிட்டுப் போங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. குனிந்து முகத்தைப் பாருங்கள், ஒரு முத்தம் கொடுங்கள், போயிட்டு வரேன் என்று சொல்லுங்கள், போய்விடுங்கள். போகட்டுமா என்று கேட்காதீர்கள், போகாதே என்றுதான் பிள்ளை சொல்லும், சொன்ன பிறகும் நீங்கள் போகத்தான் வேண்டும். மூன்று தடவை திரும்பி வராதீர்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்காதீர்கள். அழுதால் போலீஸ்காரன் பிடிப்பான் என்றோ, பார் அந்தப் பையன் அழுகிறானா என்றோ சொல்லாதீர்கள். உனக்கு அழுகை வருகிறது, எனக்குத் தெரிகிறது, டீச்சர் உன்னோடு இருப்பார்கள் என்று சொல்லுங்கள்.

எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு மணி என்றால் பிள்ளைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். மில் சங்கு ஊதினதும் வருவேன் என்பது போல. சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். முடியாவிட்டால் ஆள் அனுப்புங்கள், நான் பிள்ளையிடம் சொல்கிறேன். உங்களுடைய பொருள் ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள், கைக்குட்டையோ பழைய சேலைத் துண்டோ போதும். கூடியமட்டும் தினமும் ஒரே ஆள் கூட்டிவாருங்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று முந்தின நாள் சாயந்திரமே சொல்லிவையுங்கள்.

இப்படிச் செய்தால் முதல் சில நாள் அழுகை கூடும். பயப்படாதீர்கள். உண்மையைச் சொன்னதால் அழுகிறது, அவ்வளவுதான். நான் மடியில் வைத்துக்கொள்வேன். நீங்கள் தெருமுனை தாண்டிய கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை மறுபடியும் கொஞ்சம் அழும், அதுவும் சகஜம். உங்களுக்கும் அழுகை வரும். தெருமுனை தாண்டி அழுங்கள்."

மறுநாள் கேட்டில் நின்று நானே எல்லோருக்கும் கொடுத்தேன். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தையல்காரர் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று, சர்ச்சில் வாசகம் வாசிப்பது போல உரக்கப் படித்துக் காட்டினார். போலீஸ்காரன் என்ற இடத்தில் இரண்டு தாத்தாக்கள் தரையைப் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் சொல்லிவைத்தாற்போல எல்லோரும் குனிந்தார்கள், முத்தம் கொடுத்தார்கள், போயிட்டு வரேன் என்றார்கள். பெருங்கூச்சல்தான். ஆனால் நான் எழுதியிருந்த கூச்சல், அதனால் எனக்குப் பயமில்லை. பத்து மணிக்குள் அநேகமாக எல்லாரும் அடங்கிவிட்டார்கள். ஆயாவின் பெண்கூட, கையில் ஒரு நீலச் சேலைத் துண்டோடு, வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்து நின்றாள்.

பத்தரைக்கு மில் சங்கு ஊதியது.

சண்டைக்காகப் பட்டாளத்துக்குத் துணி நெய்ய மில்லில் புதிதாக ஷிப்ட் கூட்டியிருந்தார்கள். ஒரு வருஷமாக அந்தச் சங்கு பத்தரைக்கும் ஊதிக்கொண்டிருக்கிறது. தினமும் அந்த வகுப்பில்தான் இருந்தேன். கேட்டுக் கேட்டு என் காது அதை விட்டுவிட்டது. எனக்குச் சங்கு என்றால் சின்ன வயதிலிருந்து கேட்ட மத்தியானச் சங்குதான். அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன். என் உதாரணத்தை அப்படியே எடுத்துச் சொல்லியிருந்த வீடுகள் பதினொன்று. பதினோரு பிள்ளைகள் ஸ்லேட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். சிரித்த முகமாக நின்றார்கள். அதை என்னால் மறக்க முடியவில்லை. கேட்டுக்கு ஓடினார்கள். அங்கே யாரும் இல்லை.

பதினோரு பேரும் அலறினார்கள் என்று சொன்னேன். சரியாகச் சொன்னால் பத்துப் பேர். ஆயாவின் பெண் கேட்டுக் கம்பியைப் பிடித்துத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்பி நடந்து வந்து என் முன்னால் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். சேலைத் துண்டை என் மேஜையில் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அன்று அழுதேன். தெருமுனை தாண்டியெல்லாம் இல்லை, கரும்பலகைக்குப் பின்னால்.

சத்தம் கேட்டு வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் கடிதத்தைப் பிடித்துவிட்டார். என் விரல்களைப் பார்த்தாலே போதும், விசாரணை தேவைப்படவில்லை. ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தார். அனுமதியில்லாமல் பள்ளிக்கூடத்தின் பேரில் கடிதம் அனுப்பியது ஒன்று, பள்ளிக்கூடத்தின் தட்டையும் மையையும் எடுத்தது இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கடிதங்களையும் திரும்ப வாங்கிக் கொண்டுவர வேண்டும், பள்ளிக்கூடக் கமிட்டிக்கு மன்னிப்பு எழுதித் தர வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

சங்கு விஷயம் என் தப்பு, அதைத் திருத்துகிறேன், மற்றது எதுவும் தப்பில்லை, மன்னிப்பு எழுத மாட்டேன் என்றேன்.

அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னை ஆறு வயசுல போர்டிங்ல கொண்டாந்து விட்டாங்க. யாரும் என்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்லல. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"அன்னைக்கு உங்க அம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

நான் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மரியாதை இல்லாத கேள்வி. ஆனால் கேட்டுவிட்டேன், கேட்டதைத் திரும்ப வாங்கவும் எனக்கு மனமில்லை. அவர் மேஜை மேல் இருந்த மைக்கூட்டைச் சரியாக நகர்த்தி வைத்தார். மாதக் கடைசியில் அந்தப் பெண் பாயில் உட்காரவில்லை என்றால் அவளுக்கும் இடமில்லை, உனக்கும் இடமில்லை என்றார். வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கடிதங்களைத் திரும்பக் கேட்டேன். உத்தரவுப்படியே கேட்டேன், கேட்டில் நின்று ஒவ்வொருவரிடமும். தையல்காரர் கடிதம் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது என்றார். நாலு நாளாக மழை இல்லை. தபால்காரர், ஒரு கடிதத்தைக்கூடத் தொலைக்காமல் இத்தனை வருஷம் உத்தியோகம் பார்த்தவர், எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். ஒரு தாத்தா, என்ன கடுதாசி என்று கேட்டுவிட்டு, பேரன் முன்னால் மண்டியிட்டு அவன் முகத்தைப் பார்த்து, முத்தம் கொடுத்து, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் கையில் நான் கொடுத்தது ஒரு தாள்கூட இல்லை. ஒவ்வொருவரும் சொன்ன காரணத்தை மட்டும் வரிசையாக ஒப்பித்தேன்.

கடிதத்தைக் கேட்ட அதே மூச்சில் திருத்தத்தையும் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். சங்கு வேண்டாம். பால் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, கடைசிப் பாட்டுப் பாடி முடித்ததும் வருவேன் என்று சொல்லுங்கள். இது என் வகுப்புக்குள் நடப்பது, என் கையில் இருப்பது, எந்த ஷிப்ட்டும் இதை மாற்ற முடியாது.

ஆயா மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் கோபமாக இருந்தாள், இருக்க வேண்டியவள்தான்.

"சங்கு ஊதினா வரேன்னு சொல்லச் சொன்னது நீங்க. இப்ப எம்பொண்ணு என்னைத்தானே பொய்க்காரின்னு நெனைக்கிறா. அவங்கப்பா பட்டாளத்துக்குப் போறப்ப இவ தூங்கிட்டிருந்தா. எழுப்பாதேன்னு நான்தான் சொன்னேன், அழுவாளேன்னு. எழுந்து வந்து வீடு முச்சூடும் தேடினா மிஸ்ஸம்மா. கட்டில் அடியில, தண்ணித் தொட்டியில. அன்னைலருந்து நான் கண்ணை மூடினாக்கூட எழுப்பறா."

என் பிழைதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். மற்ற பத்துப் பிள்ளைகளிடம் சொன்னது போலவே பெண்ணின் முன்னால் குத்துக்காலிட்டு அவளிடமும் சொன்னேன். அம்மா பொய் சொல்லவில்லை, டீச்சர்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று. அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சேலைத் துண்டை நீட்டினேன், வாங்கவில்லை. துண்டு எத்தனை வேண்டுமானாலும் கிழிக்கலாம், அதற்காக யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று அந்த வயதுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஆயா சீக்கிரமே வந்தாள். மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். கறுத்த பெரிய இரும்புச் சாவி, கறுப்புக் கயிற்றில் கோத்திருந்தது. பெண் அதைக் கண்டதும் ஓரடி பின்னால் போனாள். அந்தச் சாவி கதவில் திரும்புகிற சத்தத்தை உள்ளேயிருந்து எத்தனையோ காலை அவள் கேட்டிருக்கிறாள். அம்மா குனிந்து கயிற்றை அவள் கழுத்தில் மாட்டினாள்.

"நம்ம வூட்டுக்கு இது ஒண்ணுதான் சாவி. இது இல்லாம நான் உள்ள போவ முடியாது. சோறாக்க முடியாது, ஒண்ணும் முடியாது. இனிமே உங்கிட்டதான் இருக்கும். டம்ளரைக் கவுத்து பாட்டுப் பாடி முடிச்சதும் உங்கிட்ட வந்துதான் ஆவணும். போயிட்டு வரேன்."

முத்தம் கொடுத்தாள். போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

என் கடிதத்தில் இது இல்லை. மதராஸில் படித்த புத்தகத்திலும் இல்லை. நான் கைக்குட்டை என்று எழுதினேன், எழுத்துக்கூட்டத் தெரியாத அந்த அம்மா வீட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பெண் வாசலில்தான் நின்றாள், ஒரு கையில் நிலை, ஒரு கையில் சாவி. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தோம், பாடினோம், அம்மா வந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் பெண் நிலையை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். டம்ளர் கவிழ்க்க வருகிறாயா என்று கேட்டேன், வந்தாள். எல்லா டம்ளரையும் தானே கவிழ்க்க வேண்டும் என்றாள். சரி என்றேன். ஒரு திங்கட்கிழமை மறுபடியும் அழுதாள், அது எதிர்பார்த்ததுதான். கவுன் நனைவது நின்றது. ஒரு நாள் அலமாரியைத் திறந்து தகர டப்பாவை வெளியே எடுத்தேன். குலுக்கவில்லை. மூடியைத் திறந்து, அம்மாக்கள் யாரும் இல்லாத நேரத்தில், பாயின் நடுவில் வைத்தேன்.

மாதக் கடைசி நாள். பால் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பு வாசலில் வந்து நின்றார். என் மேஜை மேல் அந்த வெள்ளைத் தாள் இருந்தது, வெள்ளையாகவே. நான் எழுந்து நின்றேன். மன்னிப்பு எழுதப்போவதில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆயாவின் பெண் பாயில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அந்த இரட்டைச் சடையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, சோதித்துப் பார்க்கவோ என்னவோ, உங்க அம்மா எங்கே என்று கேட்டார்.

"வேலைக்கு. வருவாங்க. சாவி எங்கிட்ட இருக்கு."

திரும்பாமலேதான் சொன்னாள். கையிலிருந்த சிவப்பு மணி நூலில் ஏறவில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய கவலை.

ஹெட்மிஸ்ட்ரஸ் என் மேஜைக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்து நாலாக மடித்தார். இரண்டாவது மணிக்கு அப்புறம் பெற்றோர் கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போக ஐந்து நிமிஷம், அதற்கு மேல் கிடையாது, வாட்ச்மேனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். வாசல் வரை போய் நின்றார்.

"பச்சைச் சேலை. அரக்குக் கரை."

என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வேலையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அன்று மதியம் டம்ளர்கள் கவிழ்ந்தன, பாட்டு முடிந்தது. ஆயா மூச்சு வாங்க ஓடிவந்து கேட்டில் நின்று, சாவிக்காக வழக்கம்போலக் கையை நீட்டினாள். பெண் கொடுக்கவில்லை. சாவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நான் தொறக்கறேன்," என்றாள். அம்மாவுக்கு முன்னால் நடந்து போனாள்.